வைக்கோலைக் கொளுத்தாமல் இருக்க இயந்திரங்கள் வேண்டி ஊராட்சி மன்றத்துக்கு விண்ணப்பம்

வடதிடலூர்,
12.9.2022

அனுப்புநர்
வடதிடலூர் உழவர் உற்பத்தியாளர் குழு,
வடதிடலூர், பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள்,
துணைத் தலைவர் மற்றும் வார்டு உறுப்பினர்கள்,
வடதிடலூர் ஊராட்சி.

பொருள்: குறுவை, சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கட்டவும் மடக்கி உழவும் ஊராட்சி வழியாக இயந்திரங்கள் வாங்கி வாடகைக்கு விடுவது, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மேட்டூர் அணை மே 24-லேயே திறக்கப்பட்டதால் நம் ஊரில் குறுவை முன்கூட்டியே நட்டு, இப்போது கீழக்கரை வயல்களில் அறுப்பு தொடங்கிவிட்டது. அறுத்த வயல்களில் புகையும் தொடங்கிவிட்டது. போன வாரம் வாய்க்காலுக்குத் தெற்கே கொளுத்திய தாள், காற்று திரும்பியதில் வரப்பு தாண்டிப் போய், பக்கத்து வயல்காரர் பம்புசெட்டுக்குப் போட்டிருந்த ஹோஸ் முழுவதையும் எரித்துவிட்டது. நான்கு தென்னங்கன்றுகளும் கருகின. மறுநாள் காலை அந்த வயலில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வரப்போரம் நண்டும் நத்தையும் வெந்து கிடந்தன, மேல்மண் கையில் எடுத்தால் சாம்பலாக உதிர்ந்தது.

கொளுத்தியவர் எங்கள் குழுவின் உறுப்பினர். அவர்மேல் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. குறுவையை அறுத்துப் பதினைந்து, இருபது நாளுக்குள் தாளடி நட்டாக வேண்டும். நாற்றங்கால் தயாராக நிற்கிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் பயிர் வேர்பிடிக்காவிட்டால் அந்தப் போகமே கையை விட்டுப் போகும். இந்த இடைவெளியில் வயலில் கிடக்கும் வைக்கோலை அள்ள ஆளும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. கையில் இருப்பது தீப்பெட்டி மட்டும்தான்.

ஆள் வைத்து அறுத்த காலத்தில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. தாளோடு அறுத்துக் களத்தில் அடித்து, வைக்கோலைப் போராகப் போட்டோம். இப்போது கம்பைன் இயந்திரம் கதிரை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, வைக்கோலைப் பின்னால் வரிசையாகக் கொட்டிப் போகிறது. சேற்று வயலில் பெல்ட் வண்டி ஓடினால் பாதி வைக்கோல் சேற்றில் மிதிபடுகிறது. அதை உலர்த்தி வாரி எடுக்க நான்கைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். புரட்டாசியில் அப்படி வெயில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

வைக்கோல் கட்டும் வெளியூர் பேலர் வண்டிகள் வருகின்றன என்று மன்றத்தில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். வருவது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் ஐந்தாறு ஏக்கர் சேர்ந்திருந்தால்தான் வயலில் இறங்குகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது இரண்டு மா, மூன்று மா. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. கடைசி மடைக்காரருக்கு முறை வரும்போது மழை வந்துவிடுகிறது. எனவே எங்கள் தேவை இயந்திரம் மட்டும் அல்ல. ஊருக்குச் சொந்தமான இயந்திரமும், அது யார் வயலுக்கு எப்போது போகும் என்று ஊரே வகுத்த முறையும் வேண்டும்.

எரிப்பதில் போவது என்ன என்பதையும் மன்றம் கணக்கில் எடுக்க வேண்டுகிறோம். ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் 400 கிலோ கரிமம், 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து, 1.2 கிலோ கந்தகம் போகிறது என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு போகமும் நாம் என்ன இழக்கிறோம் என்று தெரியும். சாம்பல்சத்தில் ஒரு பங்கு சாம்பலாக வயலிலேயே தங்கும் என்பது சரி. அதுவும் முதல் மழையில் வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. பிறகு பொட்டாஷ் மூட்டையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. புரட்டாசியில் கொளுத்தும் அதே வைக்கோலைச் சித்திரை, வைகாசியில் விலைக்கு வாங்கி மாட்டுக்குப் போடுகிறோம். நாமக்கல்லுக்கும் கேரளாவுக்கும் லாரி லாரியாக நம் டெல்டா வைக்கோல்தான் போகிறது. அதே நேரத்தில் நம் ஊர் மாடுகளுக்குத் தீவனம் இல்லை. குறிப்பாக நிலம் இல்லாத குடும்பங்களின் மாடுகளுக்கு. கையறுப்பு இருந்தவரை அறுக்கப் போனவர்கள் கூலியோடு ஒரு சுமை வைக்கோலும் கொண்டுபோவார்கள், அதில் ஒரு பசுவாவது நின்றது. மிஷின் அறுப்பு வந்ததும் அந்த வழி அடைபட்டது. பால் சங்கத்தில் பால் ஊற்றும் எத்தனை பெண்கள் கோடையில் மாட்டை விற்றார்கள் என்பது மன்ற உறுப்பினர்களுக்கே தெரியும்.

எங்களுக்கு வேண்டியவை இவை. டிராக்டரில் பூட்டி வைக்கோலை உருளைக் கட்டாகக் கட்டும் பேலர் இரண்டு. நின்ற தாளையும் சிதறிய வைக்கோலையும் பொடியாக வெட்டி மண்ணில் பரப்பும் மல்ச்சர் ஒன்று. மாடு வைத்திருப்பவர்கள் பயன்படுத்த, மின்சாரத்தில் ஓடும் தீவனம் நறுக்கும் கருவி ஒன்று. டிராக்டர் வாங்க வேண்டியதில்லை; 45 குதிரைத்திறன் டிராக்டர் மூன்று எங்கள் உறுப்பினர்களிடம் உள்ளன, இந்த வேலைக்குத் தர எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த 5 லட்சம் ரூபாயில் வாங்கிய ரோட்டவேட்டரும் நல்ல நிலையில் இருக்கிறது.

பேலர் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நனைந்த வைக்கோலைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் மல்ச்சரையும் கேட்கிறோம். மழையில் மாட்டிய வயலில் வைக்கோலை வெட்டிப் பரப்பி, ரோட்டவேட்டரால் மடக்கி, தண்ணீர் கட்டி, பத்து நாளாவது விட்டு நட வேண்டும். அவசரப்பட்டு உடனே நட்டால் தாள் மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிர் மஞ்சளடிக்கும். அடியுரத்தில் கொஞ்சம் யூரியா கூட்டிப் போட வேண்டியிருக்கும். இந்தப் பத்து நாள் கிடைக்க வேண்டுமானால் அறுத்த மறுநாளே மல்ச்சர் வயலில் இறங்க வேண்டும். வெளியூர் வண்டியை நம்பி அது நடக்காது. வரப்போரம் ஒதுக்கும் ஈர வைக்கோலுக்கு நூறு நாள் வேலையில் மட்கு உரக்குழிகள் வெட்டித் தர வேண்டுகிறோம். டன்னுக்கு 2 கிலோ வீதம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் போட்டு மட்க வைக்கும் செலவை நாங்கள் ஏற்கிறோம்.

பணக் கணக்கு: விசாரித்த விலைப்படி பேலர் ஒன்று 3,50,000 ரூபாய், மல்ச்சர் 2,00,000, நறுக்கும் கருவி 30,000. ஆக மொத்தம் 9,30,000 ரூபாய். வேளாண் இயந்திரமயமாக்கும் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. எச்சரிக்கையாக 40 சதவீதமே வைத்துப் பார்த்தால் 3,72,000 போக மீதி 5,58,000. இதில் 2,58,000 ரூபாயை எங்கள் குழு போடும். சேமிப்புக் கணக்குப் புத்தக நகலை இணைத்துள்ளோம். மீதமுள்ள 3,00,000 ரூபாயை ஊராட்சி தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. 15-வது நிதிக்குழு மானியத்தில் நிபந்தனையற்ற பங்கை, அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் உள்ள இனங்களுக்குச் செலவிடலாம். அந்த அட்டவணையின் முதல் இனமே வேளாண்மைதான். மானியம் நாங்கள் நினைத்ததைவிடக் குறைந்தால் அந்தக் குறையைக் குழுவே ஈடுகட்டும். ஊராட்சியிடம் மறுபடி வரமாட்டோம்.

இயந்திரங்கள் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டிலேயே இருக்கட்டும். ஓட்டுவது, பழுது பார்ப்பது, கயிறு வாங்குவது எங்கள் பொறுப்பு. கட்டு ஒன்றுக்கு 30 ரூபாய் வாடகை, அதில் 3 ரூபாய் ஊராட்சிப் பொது நிதிக்கு. முறை வகுப்பதில் இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவர்களுக்கும் கடைமடை வயல்களுக்கும் முதலிடம். குழுவில் இல்லாதவர்களுக்கும் இதே வாடகை, இதே வரிசை. வரிசைப் பட்டியலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவோம். விற்க விரும்பும் ஒவ்வொரு விவசாயியும் நூறு கட்டுக்கு ஐந்து கட்டு ஊர் இருப்பில் விட வேண்டும் என்று குழுவில் தீர்மானித்திருக்கிறோம். அந்த இருப்பு, மாடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பங்களுக்குக் கோடையில் கட்டு 30 ரூபாய் என்ற அடக்க விலைக்கே போகும். இதற்கு எங்கள் உறுப்பினர்களில் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள்; இரண்டு கூட்டம் பேசித்தான் முடிவானது. இதை மன்றம் ஊர்த் தீர்மானமாகவும் ஏற்றால் நாளைக்கு யாரும் மாற்ற முடியாது.

கட்டுகளை அடுக்க இடம் வேண்டும். பழைய நெற்களத்துக்கு மேற்கே உள்ள புறம்போக்கில், மின்கம்பிக்கு அடியில் வராத பகுதியை ஒதுக்கி, தரையை மேடாக்கித் தகரக் கொட்டகை ஒன்று போட்டுத் தந்தால் போதும். பக்கத்தில் அங்கன்வாடி இருப்பதால் தீத்தடுப்புக்குத் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளிகளும் கட்டாயம் வைக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை 2023-24 கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். 12,525 ஊராட்சிகளையும் ஐந்து ஆண்டுகளில் எட்டப்போகும் கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் நம் ஊரை அடுத்த பட்டியலில் சேர்க்கும்படி வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் எழுத வேண்டும். இன்னொன்று: பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் 2018 முதல் வைக்கோல் இயந்திரங்களுக்கு மத்திய அரசு தனித் திட்டம் நடத்துகிறது, தனி விவசாயிக்கு 50 சதவீதம், குழுக்களின் வாடகை மையத்துக்கு 80 சதவீதம் மானியம். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக 2020-ல் சட்டம் போட்டு அறிவித்த பிறகு, அப்படி ஒரு திட்டம் இங்கேயும் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அதையும் தீர்மானத்தில் ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் குறுவைக்கு வாங்கி முடிக்க நேரம் இல்லை என்பது தெரியும். ஆகவே இப்போதைக்கு வேளாண் பொறியியல் துறையிடம் வாடகைக்கு ஒரு பேலர் கேட்டு ஊராட்சி சார்பில் இந்த வாரமே கடிதம் தந்தால், கீழக்கரையில் இன்னும் அறுக்காத வயல்களையாவது தீயில்லாமல் முடிப்போம். வாடகையை நாங்கள் கட்டுகிறோம். கடிதம் கிடைக்கும்வரை யாரும் கொளுத்துவதில்லை என்று குழுவில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்; மேலக்கரைக்காரர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மன்றக் கூட்டத்துக்கு அழைத்தால் கணக்கு, விலைப்பட்டியல் எல்லாவற்றுடனும் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

ரா. கலியமூர்த்தி, தலைவர்
செ. தமிழ்ச்செல்வி, செயலாளர்
மு. அந்தோணிசாமி, பொருளாளர்
மற்றும் குழு உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர் கையொப்பப் பட்டியல், டிராக்டர் உரிமையாளர்களின் ஒப்புதல் கடிதம், விலைப்புள்ளிகள், சேமிப்புக் கணக்குப் புத்தக நகல்.

நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர், பாபநாசம், வேளாண்மை உதவி இயக்குநர், பாபநாசம், உதவி செயற்பொறியாளர், வேளாண் பொறியியல் துறை.