மூன்றாம் பருவத் தேர்வு: தேதி, நேர மாற்றம்

மார்ச் 3, செவ்வாய்

7-ஆம் வகுப்பு ஆ பிரிவு மாணவர்களின் பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்களுக்கு அனுப்பிய தேர்வு அட்டவணையில் மூன்று பாடங்களின் தேதி மாறியிருக்கிறது. எங்கள் மாடியில் மின்கம்பிகளை மாற்றும் வேலை மார்ச் 11, 13 ஆகிய இரு நாட்களில் நடக்கிறது. அந்த இரண்டு நாளும் நம் வகுப்புக்கு விடுமுறை. புதிய அட்டவணை இதுதான்:

மார்ச் 9, திங்கள்: தமிழ் (மாற்றமில்லை), காலை 10.00 – 12.30
மார்ச் 10, செவ்வாய்: ஆங்கிலம் (மாற்றமில்லை), காலை 10.00 – 12.30
மார்ச் 12, வியாழன்: கணக்கு, காலை 10.00 – 12.30
மார்ச் 16, திங்கள்: அறிவியல், பிற்பகல் 1.30 – 4.00
மார்ச் 17, செவ்வாய்: சமூக அறிவியல், பிற்பகல் 1.30 – 4.00

பாடப்பகுதிகளில் எந்த மாற்றமும் இல்லை.

கடைசி இரண்டு தேர்வுகள் பிற்பகலில் நடப்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். அன்று காலையில் வேறு வகுப்புக்குத் தேர்வு இருப்பதால் இடம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல 9 மணிக்கே வந்துவிட வேண்டும். காலையில் நானே உடனிருந்து திருப்புதல் நடத்துவேன். மதியச் சாப்பாடு கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். வெறும் வயிற்றோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது இந்த வயதில் கஷ்டம். அன்று பள்ளி விடும் நேரம் 4.15. வேன் ஓட்டுநர்களிடம் நாங்கள் சொல்லிவிட்டோம், என்றாலும் நீங்களும் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

ஒரு சின்ன வேலை உங்களிடம் கேட்கிறேன். பழைய அட்டவணையைப் பல பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கலர் பென்சிலால் கட்டம் போட்டு அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றிரவு அவர்களோடு உட்கார்ந்து அதை அடித்துவிட்டு, புதியதை எழுத வையுங்கள். முன்பு ஒருமுறை இப்படித் தேதி மாறியபோது, ஒரு மாணவி விடிய விடிய அறிவியல் படித்துவிட்டு வந்தாள். கையில் கிடைத்ததோ கணக்குத் தாள். அவள் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எந்தப் பிள்ளைக்கும் அப்படி நேரக்கூடாது.

பழைய தேதிகளை நம்பி 16, 17-இல் ஊருக்குப் போகவோ மருத்துவரைப் பார்க்கவோ ஏற்பாடு செய்திருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் (மார்ச் 6) டைரியில் எழுதி அனுப்புங்கள். தலைமை ஆசிரியரிடம் பேசி, வேறொரு நாளில் எழுத வைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன். நேரில் பேச விரும்பினால் தினமும் மாலை 3.30 முதல் 4.15 வரை ஆசிரியர் அறையில் இருப்பேன்.

படித்ததற்கு அடையாளமாக டைரியில் கையெழுத்திட்டு நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். கையெழுத்து வராத வீடுகளுக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

தேர்வு நெருங்கிய நேரத்தில் உங்கள் திட்டங்களை மாற்ற வைத்ததற்கு வருந்துகிறேன். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை
7-ஆம் வகுப்பு, ஆ பிரிவு