அணுக்கருப் பிளவும் அணுக்கரு இணைவும்: எரிபொருள், ஆற்றல், கழிவு
படிவம் 5 இயற்பியல், டியூஷன் குறிப்பு, சுங்கை சிப்புட்

பிளவையும் இணைவையும் ஒப்பிடும் கேள்விக்குப் போன வார விடைத்தாள்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான் இருந்தது: "பிளவு ஆபத்தானது, இணைவு சுத்தமானது." முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. எதை எரிபொருளாக்குகிறோம், எவ்வளவு ஆற்றல் வருகிறது, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று எழுதினால்தான் அது விடை. தேர்வுத் தாளில் பிளவும் இணைவும் பெம்பெலாஹான் நியூக்ளியஸ், பெலாக்குரான் நியூக்ளியஸ் என்ற மலாய்ப் பெயர்களில் வரும். பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும்.

செம்பனை மில்லில் என்ன செய்கிறார்கள் என்பது உங்களில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் போட்டு எரித்து, நீராவி எடுத்து, டர்பைனைச் சுழற்றுகிறார்கள். அணுமின் நிலையமும் நீராவி எடுத்து டர்பைனைத்தான் சுழற்றுகிறது. வெப்பம் வரும் இடம்தான் வேறு. நார் எரியும்போது அணுக்களின் வெளிப்புறத்தில் உள்ள எலெக்ட்ரான்கள் மட்டுமே இடம் மாறுகின்றன. அணுக்கருவுக்கு ஒன்றும் ஆவதில்லை. பிளவிலும் இணைவிலும் அணுக்கருவே மாறுகிறது. அதனால்தான் கிடைக்கும் ஆற்றல் கோடி மடங்கு அளவுக்குப் போய்விடுகிறது.

எரிபொருள்

பிளவுக்கு வேண்டியது யுரேனியம்-235. பூமியிலிருந்து தோண்டும் யுரேனியத்தில் இது 0.7 விழுக்காடுதான், மீதி ஏறக்குறைய எல்லாமே யுரேனியம்-238. பெரும்பாலான மின் உலைகளுக்கு இதை 3 முதல் 5 விழுக்காடு வரை செறிவூட்டுகிறார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் மெதுவாக வரும் நியூட்ரான்கூடத் தடையில்லாமல் அணுக்கருவுக்குள் நுழைந்து அதைப் பிளந்துவிடும். பிளக்கும்போது இன்னும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவரும். அவை அடுத்த அணுக்கருக்களைத் தாக்கும். இதுதான் தொடர்வினை. இதை ஓட விடுவது பெரிய விஷயமில்லை, அளவோடு ஓட விடுவதுதான் வேலை. நியூட்ரானை விழுங்கும் போரான், காட்மியம் போன்றவற்றால் செய்த கட்டுப்பாட்டுத் தண்டுகள் அதற்காகத்தான்.

இணைவுக்கு டியூட்டீரியமும் டிரிட்டியமும் வேண்டும். இரண்டும் ஹைட்ரஜனின் ஐசோடோப்புகள். ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 33 கிராம் டியூட்டீரியம் இருக்கிறது, தட்டுப்பாடு வராது. ஆனால் "கடல்நீரே எரிபொருள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், இயற்கையில் சேர்ந்து கிடப்பதில்லை. லித்தியத்தை நியூட்ரானால் தாக்கித்தான் அதை உண்டாக்க வேண்டும்.

அப்புறம், இரண்டு அணுக்கருக்களுமே நேர்மின் கொண்டவை, ஒன்றையொன்று விரட்டும். அந்த விரட்டலை மீறி ஒட்ட வைக்க, பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலையில் 15 கோடி செல்சியஸ் வெப்பம் தேவை. சூரியனின் மையத்திலேயே ஏறக்குறைய 1.5 கோடிதான். சூரியன் அதை வைத்துச் சமாளிப்பதற்குக் காரணம் அதன் ஈர்ப்பு தரும் அழுத்தமும் அளவும். (சூரியனில் இணைவது சாதாரண ஹைட்ரஜன், டிரிட்டியம் அல்ல. இதைக் குழப்பி எழுதியவர்கள் நிறையப் பேர்.)

ஆற்றல்

இங்கேதான் கணக்கு. கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளவு:

U-235 + n → Ba-141 + Kr-92 + 3n

வினைக்கு முன் நிறை: 235.04393 + 1.00867 = 236.05260 u
வினைக்குப் பின்: 140.91441 + 91.92616 + 3(1.00867) = 235.86658 u
குறைந்தது: 0.18602 u
E = 0.18602 × 931.5 ≈ 173 MeV

துண்டுகள் பின்னர் சிதையும்போது வருவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 200 MeV.

இணைவு:

H-2 + H-3 → He-4 + n

முன்: 2.01410 + 3.01605 = 5.03015 u
பின்: 4.00260 + 1.00867 = 5.01127 u
குறைந்தது: 0.01888 u
E = 0.01888 × 931.5 ≈ 17.6 MeV

இதைப் பார்த்ததும் "பிளவில்தான் ஆற்றல் அதிகம்" என்று எழுதிவிடுவீர்கள். ஒரு வினைக்கு என்றால் சரி. ஆனால் பிளவில் பங்கேற்றது 236 நியூக்ளியான்கள், இணைவில் வெறும் 5. கிலோவுக்குக் கணக்கிட்டால் யுரேனியம்-235 ஏறக்குறைய 8 × 10¹³ J தரும். டியூட்டீரியம்–டிரிட்டியம் கலவை ஏறக்குறைய 3.4 × 10¹⁴ J, அதாவது நான்கு மடங்குக்கும் சற்று மேல். கேள்வியில் "ஒரு வினைக்கு" என்று இருக்கிறதா, "ஒரே நிறைக்கு" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒன்று பிளந்தாலும் ஆற்றல், இணைந்தாலும் ஆற்றல் என்றால் எப்படி? இரும்பையொட்டிய அணுக்கருக்கள்தான் மிக இறுக்கமாகக் கட்டுண்டவை. ஒரு நியூக்ளியானுக்குப் பிணைப்பாற்றல் ஏறக்குறைய 8.8 MeV. கனமானவை பிளந்து அந்தப் பக்கம் நகரும், லேசானவை சேர்ந்து நகரும். இரண்டிலும் இறுக்கம் கூடுகிறது, அந்த அளவுக்கு நிறை குறைகிறது.

காகிதத்தில் இணைவு வென்றாலும், மின்சாரம் தருவது இன்றைக்குப் பிளவு மட்டும்தான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய பற்றவைப்பு ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் பாய்ச்சி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். நல்ல சாதனைதான். ஆனால் அந்த லேசரை இயக்கவே ஏறக்குறைய 300 மெகாஜூல் செலவானது.

கழிவு

மில் கொதிகலனில் நார் போடுவதை நிறுத்தினால் நெருப்பு அணையும், சாம்பல் ஆறும். பிளவு உலையின் "சாம்பல்" அப்படி ஆறாது. தொடர்வினையை நிறுத்திய உடனேயும் துண்டுகளின் சிதைவால் முழுத் திறனில் 6, 7 விழுக்காடு வெப்பம் வந்துகொண்டிருக்கும். நேரம் போகப் போகத்தான் குறையும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தின்போது ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாக நின்றுவிட்டன. சுனாமி வந்து குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் போனதால், மிஞ்சிய வெப்பமே எரிபொருளை உருக்கியது.

கழிவில் சீசியம்-137 (அரை ஆயுள் 30 ஆண்டு), ஸ்ட்ரான்சியம்-90 (29 ஆண்டு) போன்றவை சில நூற்றாண்டுகளில் அடங்கும். யுரேனியம்-238 நியூட்ரானை வாங்கி உருவாகும் புளூட்டோனியம்-239-க்கு அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். பின்லாந்தில் பாறைக்கு அடியில் 400 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் புதைகுழி கட்டியிருப்பது இப்படிப்பட்டவற்றுக்காகத்தான். ஆனால் அளவைப் பாருங்கள்: 1,000 மெகாவாட் அணுமின் நிலையம் ஓர் ஆண்டில் வெளியேற்றும் எரிபொருள் 25, 30 டன். அதே அளவு நிலக்கரி நிலையம் எரிப்பது முப்பது லட்சம் டன் நிலக்கரி.

இணைவில் மிஞ்சும் ஹீலியம் கதிரியக்கமற்றது. ஆனால் வேகமான நியூட்ரான்கள் உலைச் சுவரைத் தாக்கி அந்த உலோகத்தையே கதிரியக்கமாக்கும். "கழிவே இல்லை" என்று எழுதினால் அடித்துவிடுவேன் (விடையை). தகுந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் நூறு ஆண்டு அளவில் அது தணியும் என்பது எதிர்பார்ப்பு. கோளாறு வந்தால் பிளாஸ்மா குளிர்ந்து வினை உடனே நின்றுவிடும், தொடர்வினை கிடையாது.

புக்கிட் மேராவின் கதிரியக்கக் கழிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈப்போ பக்கத்தில் இருந்த அந்தப் பிரச்சினை உலைக்கழிவு அல்ல. வெள்ளீயச் சுரங்க மணலில் இருந்த தாதுவிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தபோது மிஞ்சிய தோரியம் அது. விடையில் உதாரணமாகச் சேர்க்க வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கு: பாங்கியில் உள்ள நம் ஆராய்ச்சி உலையின் வெப்பத் திறன் 1 மெகாவாட், 1982 முதல் இயங்குகிறது, மின்சாரம் எடுப்பதில்லை. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் அது எத்தனை நாள் முழுத் திறனில் ஓடும்? இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் வர வேண்டும். வராவிட்டால் வினாடியை நாளாக மாற்றிய இடத்தைப் பாருங்கள்.