நூறு கிலோமீட்டர்: வழித்துணைத் திட்டம்

அக்கா, அத்தான், முகிலா,

ரீயூனியன் தீவின் மலை ஓட்டத்துக்கு வெள்ளி இரவு 9 மணிக்கு சிலாவோஸில் கிளம்புகிறேன். முடிவது சேன் தெனி, லா ரெதூத் மைதானம். 30 முதல் 34 மணி நேரம் ஆகலாம். இதை அச்செடுத்துக் காரில் வையுங்கள், மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

கிளம்பும்போது சிலாவோஸில் ஒருமுறை பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். அதன்பின் தாயிபி கணவாய் (2,081 மீட்டர்) ஏறி மஃபாத் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுவேன். அங்கே சாலையே கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். மார்லா, லா நூவெல், ரோஷ் பிளாத் எல்லாவற்றிலும் ஓட்டக்காரர்களுக்கான உதவி நிலையத்தில் கொடுப்பதைச் சாப்பிட்டுச் சமாளித்துக்கொள்வேன். நீங்கள் கவலைப்பட்டு விழித்திருக்க வேண்டாம். அத்தான், சிலாவோஸ் சாலையின் வளைவுகளை நள்ளிரவில் அவசரமாக ஓட்டாதீர்கள். மெதுவாக சேன் லூயி இறங்கி, சேன் போலில் அறை எடுத்து, காலை வரை கட்டாயம் தூங்குங்கள். நீங்கள் தூங்கினால்தான் சனி இரவு எனக்கு உதவ முடியும்.

மாயிதோ (48 கி.மீ., சனி காலை 11 முதல் 1 மணிக்குள்). இந்த ஓட்டம் எனக்கு நிற்பதும் நடப்பதும் இங்கேதான். ரோஷ் பிளாத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி வருவேன். பேச முடியாமல், ஒருவேளை அழுதுகொண்டு வருவேன். காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், 9 மணிக்கே மேலே போய்விடுங்கள். மேகம் ஏறினால் குளிரும், உங்களுக்கும் ஸ்வெட்டர் எடுங்கள்.

முகிலா, நான் வந்ததும் பையை வாங்கி, இரண்டு பாட்டிலையும் நிரப்பு: ஒன்றில் உப்பு கலந்த மாவுச்சத்து பானம், ஒன்றில் வெறும் தண்ணீர். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என் கணக்கு. மஃபாத்தில் எத்தனை ஜெல் தின்றேன் என்று காலி உறைகளை எண்ணிப் பார். குறைவாக இருந்தால் திட்டாதே, கையில் தயிர்சாதத்தைக் கொடுத்துவிடு. அக்கா, சாதம் குழைவாக, உப்பு கொஞ்சம் தூக்கலாக, தாளிப்பில் மிளகாய் இல்லாமல். நிறைய இனிப்பு உள்ளே போனபின் வயிறு கேட்பது அதைத்தான்.

அதே நேரத்தில் அக்கா என் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, சிவந்த இடத்தில் டேப் ஒட்டட்டும். கொப்புளம் இருந்தால் மருத்துவக் கூடாரத்தில் கேளுங்கள், நாமே ஊசியால் குத்த வேண்டாம். புதுக் காலுறை, உலர்ந்த சட்டை. இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள்.

சான் சூசி (62 கி.மீ., மாலை 3 முதல் 5). பத்து நிமிடம். நெற்றி விளக்குக்குப் புது பேட்டரி, கூடுதலாக ஒரு செட் பையில். ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும்.

லா பொசெசியோன் (79 கி.மீ., இரவு 8 முதல் 10.30). வெதுவெதுப்பான கஞ்சி, கடலைமிட்டாய், காபி. தூக்கம் தள்ளினால் காரில் பதினைந்து நிமிடம் படுக்க வையுங்கள். அலாரம் முகிலன் பொறுப்பு. இதற்கடுத்தது கல் பதித்த ஷெமன் தெசாங்லே பாதை, அப்புறம் கிராந்த் ஷலூப். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த நம் ஊர்ப்பக்கத்து மக்களைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த இடம் அது. அங்கே ஒரு நிமிடம் நின்று போக ஆசை. நீங்கள் அங்கேயும், அதற்கடுத்த கொலோராடோ நிலையத்துக்கும் வர வேண்டாம். நேரே லா ரெதூத் போய்த் தூங்குங்கள். அதிகாலை 3 முதல் 7க்குள் வருவேன்.

என்னோடு கூடவே ஓட யாருக்கும் அனுமதியில்லை, உதவியும் நிலையத்துக்குள் மட்டும்தான். நிலையத்துக்கு வெளியே ஒரு வாழைப்பழம்கூட நீட்டாதீர்கள்.

இனி முக்கியமானது. நான் "போதும், நிறுத்திக்கிறேன்" என்றால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். ஆனால் சில விஷயங்களில் என் பேச்சைக் கேட்கவே கூடாது. விரல் வீங்கி, தலைவலி, குமட்டலோடு பேச்சு குழறினால், தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தண்ணீர் அதிகமாகி உப்பு குறைந்திருக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும், நெஞ்சு வலித்தாலும், குடித்ததெல்லாம் வாந்தியாகிக்கொண்டே இருந்தாலும் உடனே மருத்துவரிடம்தான். இதில் இறுதி முடிவு அக்காவுடையது. வலிக்கு இபுப்ரோஃபென் கேட்டால் தராதீர்கள், இவ்வளவு நேரம் ஓடும் உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நிலையப் பொறுப்பாளரிடம் என் எண் 1416ஐச் சொல்லி, கடைசியாக எங்கே பதிவானது என்று கேளுங்கள்.

சாவி, என் பர்ஸ், மாற்றுச் செருப்பு எல்லாம் நீலப் பையில் இருக்கின்றன. அத்தான், பெட்ரோலை வியாழனே நிரப்பிவிடுங்கள்.

கயல்