வாரப் பதிவு அட்டவணை: அக்டோபர் 6 – 12, 2025 (ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, முடிச்சூர்)

தம்பி, நம்ம வீடு, மனை விளம்பரப் பதிவுகளுக்கு இந்த வாரத்துக்கான வாசகம் எல்லாம் கீழே இருக்கு. அப்படியே எடுத்துப் போடு. படம் பிடிக்க வேண்டியதை அந்தந்த நாளிலேயே எழுதியிருக்கேன்.

புரட்டாசி நடக்குது. பால் காய்ச்ச யாரும் வரமாட்டாங்க, ஆனா வீடு பார்க்க வருவாங்க. இப்போ பார்த்துப் பிடிச்சாத்தான் பேங்க் வேலை முடிஞ்சு ஐப்பசியில் பத்திரம் போட முடியும். அடுத்த வாரம் போனா தீபாவளி, ஜனம் மொத்தமும் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிக்கும். அதனால் இந்த வாரம் நமக்கு வேண்டியது லைக் இல்ல, சனி ஞாயிறில் சைட் பார்க்க வர்ற பார்ட்டி. குறையையும் விலையையும் முதல்லயே சொல்லிட்டா பத்து போனுக்குப் பதிலா மூணுதான் வரும். மூணும் நேரில் வரும்.

எல்லாப் போஸ்டர் கீழேயும் நம்ம ரெரா முகவர் பதிவு எண் இருக்கணும். ஒரு பில்டர் ‘ப்ரீ லாஞ்ச்’ என்று பிரவுச்சர் அனுப்பியிருக்கார். ரெரா பதிவு வராத திட்டத்தை விளம்பரம் பண்ணக் கூடாது. ஸ்டேட்டஸில்கூட வைக்காதே, அவர் எத்தனை தடவை கேட்டாலும் சரி.

திங்கள், 6. மாலை 7 மணி. இன்ஸ்டா ரீல், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

புது லிஸ்டிங்: ஊரப்பாக்கம் 2 பெட்ரூம் ஃப்ளாட்.

ரீலை வீட்டுக்குள்ளே ஆரம்பிக்காதே. காலை எட்டரைக்கு ஃப்ளாட் கேட்டில் நின்னு போன் கடிகாரத்தைக் காட்டு, பைக்கில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வரை போ, வாசலில் திரும்பக் கடிகாரத்தைக் காட்டு. நடுவில் வீடியோவை வேகமா ஓட விட்டுக்கலாம், வெட்டாதே. எந்த ஏஜென்ட்டைக் கேட்டாலும் ‘அஞ்சு நிமிஷம்’ என்பான். ஜிஎஸ்டி ரோட்டில் அந்த நேரத்துக்கு எது உண்மையோ அது தெரியட்டும்.

வாசகம்:

“ஊரப்பாக்கத்தில் 2 பெட்ரூம் ஃப்ளாட், மறுவிற்பனை. விலை 54 லட்சம், நேரில் வந்தால் கொஞ்சம் பேசலாம்.
விற்பனைக் கணக்கில் 1,050 சதுர அடி. வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் கார்ப்பெட் ஏரியா 780. உங்கள் பேரில் வரும் நிலப் பங்கு, அதாவது யூடிஎஸ், 520 சதுர அடி.
இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அப்பா அம்மாவுக்கு முட்டி வலி என்றால் இது உங்களுக்கான வீடு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.
எட்டு வருடக் கட்டடம். கார் பார்க்கிங் மூடிய இடம், ஒன்று. போர் தண்ணீர், கோடையில் லாரி வாங்கிய மாதங்களும் உண்டு.
சனி, ஞாயிறு பார்க்கலாம். ‘ஊரப்பாக்கம்’ என்று மெசேஜ் போடுங்கள், நேரம் சொல்கிறோம்.”

மெட்ரோ பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ரயில் ஓடுற அன்னைக்குப் போட்டுக்கலாம்.

செவ்வாய், 7. மதியம் 1 மணி. ஐந்து படம் கொண்ட இன்ஸ்டா பதிவு, பிறகு ஸ்டேட்டஸ்

செவ்வாயில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டாங்க, லிஸ்டிங் போட்டு வீணாக்க வேண்டாம். கணக்கு சொல்ற நாளா வெச்சுக்குவோம். நேத்து போட்ட ஃப்ளாட்டையே எடுத்துக்கிட்டா அதுக்கும் ஒரு முறை கண் போகும்.

படம் 1: “54 லட்சம் ஃப்ளாட் வாங்க கையில் எவ்வளவு இருக்கணும்?”

படம் 2: “இந்தக் கடன் அளவுக்கு பேங்க் அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் தரும்: 43.2 லட்சம். மீதி 10.8 லட்சம் உங்களுடையது. பேங்க் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டால் இது கூடும்.”

படம் 3: “முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 54 லட்சத்துக்கு 4.86 லட்சம். இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும்.”

படம் 4: “ஆக, குறைந்தது 15.66 லட்சம் கையில். வக்கீல் ஆய்வு, ஆவணச் செலவு, எங்கள் கமிஷன் தனி. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் 1 சதவீதம் டிடிஎஸ், 54,000 ரூபாய், நீங்கள் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு இல்லை, ஓனருக்குத் தரும் பணத்தில் கழிவது. ஆனால் கட்ட மறந்தால் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.”

படம் 5: “ரிசர்வ் வங்கி இந்த வருடம் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. அக்டோபர் 1 அறிவிப்பில் மாற்றம் இல்லை. 40 லட்சம், 20 வருடக் கடனுக்கு 8.5 சதவீதத்தில் மாதத் தவணை 34,713 ரூபாய், 7.5 சதவீதத்தில் 32,224. பழைய கடன் வைத்திருப்பவர்கள் உங்கள் வட்டி குறைந்ததா என்று பேங்கில் கேளுங்கள். சில பேங்க் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்திருக்கும்.”

கமிஷன் என்ற சொல்லை எடுத்துடாதே. கமென்ட்டில் எவ்வளவுன்னு கேட்டா அங்கேயே பதில் சொல், ‘இன்பாக்ஸ் பண்ணுங்க’ வேண்டாம்.

புதன், 8. மாலை 6.30. யூடியூப் வீடியோ, நாலு நிமிஷத்துக்குள். அதிலிருந்து வெட்டி ரீல்

முடிச்சூர் தனி வீடு. இந்த வாரத்தின் முக்கியமான பதிவு இதுதான், மெனக்கெட்டுப் பண்ணு.

முடிச்சூர்னு போட்டதும் முதல் கமென்ட் என்ன வரும்னு நமக்கே தெரியும்: ‘மழை வந்தா படகு வேணுமா?’ 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி வந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கலை. மறைச்சா கமென்ட்டில் கிழிப்பாங்க. நாமே சொல்லிடுவோம். ஓனர் அம்மா முதல்ல சம்மதிக்கலை, “சொன்னா வீடு எப்படிப்பா போகும்?” என்றாங்க. எப்படியும் பார்ட்டி பக்கத்து வீட்டில் விசாரிக்கத்தான் போறான்னு சொன்ன பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க. அவங்க முகம் வீடியோவில் வேண்டாம், கேட்டிருக்காங்க.

படம் பிடிக்கும்போது காம்பவுண்ட் சுவரின் உள்பக்கம் பழைய தண்ணி மட்டக் கறை இருக்கு, மாமரத்துக்குப் பின்னாடி. டேப்பை வெச்சுத் தரையிலிருந்து அளந்து காட்டு. பிறகு வீட்டுப் படியில் டேப். இரண்டும் ஒரே ஷாட்டில் வரணும். தெருவில் மழைநீர் கால்வாய் மூடி எங்கே இருக்குன்னும் காட்டிடு.

குரல் பதிவுக்கான வாசகம்:

“முடிச்சூரில் தரைத்தளத் தனி வீடு. நிலம் 900 சதுர அடி, கட்டடம் 750. விலை 68 லட்சம்.
உங்கள் முதல் கேள்வி தண்ணீர்தான். 2015-ல் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. இதோ சுவரில் கறை, அளந்து காட்டுகிறோம். அதற்குப் பிறகு ஓனர் தரையை உயர்த்திக் கட்டினார், படியில் நீங்கள் பார்ப்பது அந்த உயரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. இனி எந்த மழையிலும் வராது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது.
பட்டா ஓனர் பேரில், ஒரே பேர். கடன் இல்லை. கிணறு உண்டு.
மழை பெய்த மறுநாள் வந்து பாருங்கள். எங்களுக்குப் போன் செய்யாமல்கூட அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள்.”

இந்த வீடியோவுக்கு இசை போடாதே. வாரத்துக்குள் மழை வந்தா ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு அதே தெருவில் அரை நிமிஷம் எடுத்து ஸ்டோரியில் வை, தண்ணி நின்னாலும் சரி, நிக்கலைன்னாலும் சரி.

வியாழன், 9. இரவு 8 மணி. ஒரு நிமிட ரீல்

வில்லங்கம் பார்ப்பது. இதை எல்லோரும் போடறாங்க, ஆனா ‘இசி எடுங்க’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறாங்க. நாம சர்வே எண் உட்பிரிவை மட்டும் சொல்வோம். திரையைப் பதிவு பண்ணிக் காட்டு, ஆனா உண்மையான யார் பேரும் தெரியக் கூடாது, மங்கலாக்கு.

“வில்லங்கச் சான்றை tnreginet.gov.in-ல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் மனையின் இன்றைய சர்வே எண் 124/3பி என்று வையுங்கள். அந்த எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் சுத்தமாக வரும். ஏனென்றால் உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த பத்திரங்கள் எல்லாம் பழைய எண் 124/3-ல் கிடக்கும். இரண்டையும் தேடுங்கள், 30 வருடத்துக்குத் தேடுங்கள். பழைய எண் எது என்பது தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்கும்.
பதிவாகாத ஒப்பந்தமும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வில்லங்கத்தில் வராது. அதற்கு வக்கீல் வேண்டும். பட்டாவை eservices.tn.gov.in-ல் தனியாகச் சரிபாருங்கள்.”

வெள்ளி, 10. காலை 7.30. ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக். பூஜை முடிச்சு போனை எடுக்கிற நேரம்

“கூடுவாஞ்சேரி, டிடிசிபி அப்ரூவ்டு மனை, அரை கிரவுண்ட், 1,200 சதுர அடி. 30 அடி ரோடு, வடக்குப் பார்த்தது. சதுர அடி 4,000, மொத்தம் 48 லட்சம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம் இல்லை, ஷேர் ஆட்டோ உண்டு. பக்கத்து மனைகள் இன்னும் காலி.”

மனைப் படத்தில் எல்லைக் கல் நாலும் தெரியணும். போன தடவை மாதிரி வானமும் புல்லும் வேண்டாம்.

பொத்தேரி வாடகை வீடு ஸ்டேட்டஸில் மட்டும்: “1 பெட்ரூம், 9,500, அட்வான்ஸ் மூன்று மாதம், குடும்பமோ வேலைக்குப் போகும் பெண்களோ.” மதியத்துக்குள் போயிடும்.

சனி, 11. நாலாவது புரட்டாசி சனி, பேங்குக்கும் லீவு

காலையில் எல்லோரும் பெருமாள் கோயிலில். 11 மணிக்கு மேல்தான் சைட் விசிட். பதிவு எதுவும் இல்லை, ஸ்டோரி மட்டும்: ஊரப்பாக்கம் 11.30, முடிச்சூர் மாலை 4. வர்றவங்க முகம், கார் நம்பர் விழாமல் எடு. பார்ட்டிகிட்ட “நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்”னு கேமராவை நீட்டாதே.

ஞாயிறு, 12. மாலை 5 மணி. கேள்வி பதில் ஸ்டோரி

கேள்விகளை வியாழக்கிழமையே ஸ்டோரியில் வாங்கி வை. ஒண்ணு கண்டிப்பா வரும், அதுக்கு மட்டும் பதில் இப்பவே தர்றேன்:

“சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி குறைந்ததே, ஃப்ளாட் விலை குறையுமா? செப்டம்பர் 22-லிருந்து 28 சதவீதம் 18 ஆகியிருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டுக்கு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டி மாறவில்லை, பொதுவாக 5 சதவீதம்தான். பில்டருக்குச் செலவு குறையும். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பது நீங்கள் பேரம் பேசுவதைப் பொறுத்தது, கேளுங்கள். மறுவிற்பனை வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.”

ராத்திரி எனக்கு மூணு விஷயம் அனுப்பு: எந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் நேரில் வந்தாங்க, என்ன கேட்டுத் திரும்பிப் போனாங்க, எந்தக் கமென்ட்டுக்கு நாம பதில் சொல்லலை. வியூ கணக்கு வேண்டாம். ஏதாவது விலை பேசி முடிஞ்சா பழைய பதிவை அழிக்காதே, மேலேயே ‘முடிந்தது’ன்னு எழுதிடு. விற்ற வீட்டைக் காட்டிப் போன் வாங்கற பழக்கம் நமக்கு வேண்டாம்.