5-ஆம் வகுப்பு ஆ பிரிவு: இந்த வார வீட்டுப்பாடமும் தேர்வுப் பகுதியும்

பெற்றோருக்கு வணக்கம்.

திங்கள், கணக்கு
வீட்டுப்பாடம்: 7-ஆம் வாய்ப்பாடு, பார்க்காமல் ஒரு முறை.
தேர்வு: பின்னங்கள், கூட்டல் மட்டும்.

செவ்வாய், தமிழ்
வீட்டுப்பாடம்: ழகரச் சொற்கள் பத்து. பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பேச்சில் ‘வாளப்பளம்’ என்று வருவது நோட்டிலும் அப்படியே வந்துவிடுகிறது.
தேர்வு: எதிர்ச்சொல், சொல்வதை எழுதுதல்.

புதன், சமூக அறிவியல்
வீட்டுப்பாடம்: தாமிரபரணி வரைபடம், பொதிகை மலை முதல் புன்னக்காயல் வரை. பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வரிசையாகக் குறிக்க வேண்டும். தயவுசெய்து நீங்கள் வரைந்து தராதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளை வரைந்ததுதான் எனக்கு வேண்டும்.
தேர்வு: நம் பகுதி ஆறுகள், அணைகள்.

வியாழன், அறிவியல்
வீட்டுப்பாடம்: இல்லை.
தேர்வு: நீர்ச் சுழற்சி, படத்துடன்.

தேர்வு எல்லாம் காலை முதல் பாடவேளையில். சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

வகுப்பாசிரியை