கொக்கு எந்தப் பக்கம் வாயைத் திறக்கும்?
(இரண்டாம் வகுப்பு கணக்கு, வியாழன், வெள்ளி பாடக் குறிப்பு)

டீச்சர், நான் பயிற்சிக்குப் போகும் இரண்டு நாளும் என் வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்வதால் எல்லாவற்றையும் விரிவாகவே எழுதிவிட்டேன். பிள்ளைகள் 22 பேர். 99 வரை எண்கள் தெரியும். எது பெரியது, எது சிறியது என்று வாயால் சொல்லிவிடுவார்கள். > , < குறிகளை இன்னும் பார்த்ததில்லை.

வியாழன்: படக்கதை

அலமாரியில் சார்ட் சுருட்டி வைத்திருக்கிறேன். ஐந்து படம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டாமல், ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே கதை சொல்லுங்கள்.

படம் 1: "வரப்பு மேல ஒரு கொக்கு நிக்குது. கூட்டுல அதுக்கு நாலு குஞ்சு. ஆளுக்கு ஒரு மீன் கொண்டுபோகணும். இடது பக்கக் குட்டையில 6 மீன், வலது பக்கம் 2. எந்தப் பக்கம் வாயைத் திறக்கும்?" பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டட்டும்.

படம் 2: இடது பக்கம் 3 கொழுத்த மீன். வலது பக்கம் 5 பொடி மீன். இங்கேதான் நின்று நிதானமாகப் பேச வேண்டும். "பெரிய மீன்தானே வயிறு நிறையும்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, அடக்கிவிடாதீர்கள். "மூணு மீனை நாலு குஞ்சுக்கும் ஆளுக்கு ஒண்ணா எப்படிக் கொடுக்கும்?" என்று திருப்பிக் கேளுங்கள். நாம் ஒப்பிடுவது மீனின் உருவத்தை இல்லை, எண்ணிக்கையை என்பது அவர்களுக்கே பிடிபடும்.

படம் 3: இரண்டு பக்கமும் 4. கொக்கு வாயை எந்தப் பக்கமும் விரிக்கவில்லை. மேல் அலகும் கீழ் அலகும் நேர்நேராக, = மாதிரி இருக்கின்றன. (1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியைப் புத்தகத்தில் போட்டபோது, இணையான இரண்டு கோடுகளைவிடச் சமமானவை எவையும் இருக்க முடியாது என்றுதான் காரணம் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.)

படம் 4: படம் 2-இல் பார்த்த அதே குட்டைகள். ஆனால் கொக்கின் உடம்பு புள்ளிக்கோடாக மங்கி, அலகு மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

படம் 5: மீனும் இல்லை, கொக்கும் இல்லை. 3 < 5 மட்டும்.

அப்புறம் ஆளுக்கு இரண்டு ஐஸ் குச்சி கொடுத்து அலகு செய்யச் சொல்லுங்கள். விரிந்த பக்கம் பெரிய எண், கூரான பக்கம் சிறிய எண். இதைக் குச்சியைத் தொட்டுக்கொண்டே சொல்லட்டும். கொக்குக் கதையோடு நிறுத்திவிட்டால், குறியை வாசிக்கத் தெரியாமல் 'வாய், வாய்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. போன வருடப் பிள்ளைகளோடு இதில் நான் ஒரு வாரம் திண்டாடினேன். 'ஐந்தை விட மூன்று சிறியது' என்று நான் சொன்னால், காதில் முதலில் விழுவது ஐந்து. அப்படியே 5 < 3 என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. குறி நடுவில் வருகிறது, நம் பேச்சில் 'சிறியது' கடைசியில் வருகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த இரண்டு நாளும் இடது பக்க எண்ணிலிருந்தே தொடங்கிச் சொல்லுங்கள்: "மூன்று, ஐந்தை விடச் சிறியது." விரல் 3-இல் தொடங்கி, குறியைத் தாண்டி, 5-க்குப் போகட்டும்.

வெள்ளி: ஒப்பிடும் அட்டைகள்

பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய 44 எண் அட்டைகள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. 6, 9 தலைகீழாகக் குழப்பாமல் இருக்க எல்லா எண்ணுக்கும் அடியில் கோடு போட்டிருக்கிறேன். குறி அட்டை ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றுதான். அதைத் திருப்பி வைத்தால் < என்பது > ஆகிவிடும். பிள்ளைகளே இதைக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். = அட்டை தனியாக இருக்கிறது.

இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஆளுக்கு இரண்டு அட்டை, கவிழ்த்து வைக்கணும். ஒவ்வொன்றாக ஒரே நேரத்தில் திறக்கணும். ஒருவர் குறியை வைப்பார், மற்றவர் வாசிப்பார். அடுத்த சீட்டுக்கு வேலையை மாற்றிக்கொள்ளட்டும். முடிந்ததும் பக்கத்து ஜோடியோடு அட்டைகளை மாற்றிக் கொடுங்கள்.

29, 31 வரும் ஜோடியைக் கவனியுங்கள். ஒன்பதைப் பார்த்ததும் 29 பெரியது என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். பத்துக் கட்டுகளையும் தனிக் குச்சிகளையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டுக்குப் பக்கத்தில் மூன்று கட்டு இருப்பதைப் பார்த்ததும், குறி அட்டையைத் தானாகத் திருப்பி வைப்பார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் சிலேட்டில் மூன்று கணக்கு போதும்: 45-உம் 54-உம், 70-உம் 7-உம், 38-உம் 38-உம். எழுதியதை ஒவ்வொருவரும் உங்களிடம் வாசித்துக் காட்டணும். ஜன்னலோரம் கடைசியில் உட்காரும் பையன் சத்தமாக வாசிக்கக் கூச்சப்படுவான். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லச் சொல்லுங்கள், சரியாகச் சொல்வான்.

யார் யார் 5 < 3 மாதிரி எழுதினார்கள் என்று பெயரை மட்டும் குறித்து வையுங்கள். திங்கள்கிழமை அவர்களோடு நான் உட்கார்ந்துகொள்கிறேன்.