செலவுக்கு 79, விலைக்கு 53

தலைவர் அவர்களே, வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருக்கும் உதவி இயக்குநர் அவர்களே, மன்னார்குடி சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களே, அக்கா தங்கச்சிகளே, வணக்கம்.

ஆண்டறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. அதைப் படித்து நேரத்தைக் கடத்தப் போவதில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன்.

2017-18ல் சன்ன ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 1,660 ரூபாய் கொடுத்தார்கள். 2025-26 சம்பாவுக்கு 2,545. கூடியது 885 ரூபாய், அதாவது 53 சதவீதம். "இவ்வளவு ஏற்றியிருக்கிறோமே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

இது நம் உறுப்பினர் ஒருவரின் நோட்டு. ஓரமெல்லாம் டீசல் கறை. ஆனால் உழவு ஓட்டிய மணிக்கணக்கிலிருந்து நடவுக்கு வந்த ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ வரை தேதி போட்டு எழுதியிருக்கிறார், ரசீதுகளையும் குத்தி வைத்திருக்கிறார். அதே வயல்தான், இரண்டு சம்பாவுக்கும். ஏக்கருக்கு 2017ல் கைவிட்டுப் போன காசு 19,000. இந்த முறை 34,000. ஏற்றம் 79 சதவீதம்.

எது எது ஏறியது? உழவு 3,600லிருந்து 6,400. நடவு 3,200லிருந்து 6,000. களையும் மருந்தும் இரட்டிப்புக்கு மேலே. அறுவடை மிஷின் 2,200லிருந்து 4,000.

உரத்தில் நியாயமாகப் பேச வேண்டும். யூரியா விலை ஏறவில்லை. 50 கிலோ மூட்டை 45 கிலோ ஆனது, விலையும் அதற்கேற்பக் குறைந்தது. டிஏபி 1,100லிருந்து 1,350. இதை மட்டும் காட்டி "உர விலை கட்டுக்குள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், பொட்டாஷ் ரசீதை எடுத்து நீட்டுங்கள். அன்றைக்கு 600 ரூபாய், இன்றைக்கு 1,800. சதவீதத்தில் 200. விலை கட்டாது என்று நம்மில் பாதிப் பேர் பொட்டாஷ் போடுவதையே விட்டுவிட்டோம், அதனால்தான் மொத்த உரச் செலவின் ஏற்றம் 40 சதவீதத்தோடு நின்றிருக்கிறது. போடாமல் விட்டதற்கு மகசூலில்தான் பதில் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 79க்கும் 53க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து "நட்டம், நட்டம்" என்று மட்டும் கோஷம் போட்டால், எதிரே இருப்பவர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் நம்மை மடக்கிவிடுவார். இரண்டும் வெவ்வேறு தொகையின் மேல் போட்ட சதவீதம். அதனால் மிச்சத்தைப் பாருங்கள். ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று வைத்தால், 2017ல் 33,200 வரவு, 14,200 மிச்சம். இப்போது 50,900 வரவு, 16,900 மிச்சம். எட்டு வருஷத்தில் கூடியது 2,700 ரூபாய், 19 சதவீதம்! எட்டு வருஷத்தில் பள்ளிக்கூட ஃபீஸும் மளிகைக் கடை பில்லும் 19 சதவீதத்தோடு நின்ற வீடு இங்கே இருந்தால் கை தூக்குங்கள். ஒருத்தரும் தூக்கவில்லை.

இந்த 34,000த்தில் குத்தகை இல்லை. ராத்திரி தண்ணீர் கட்டப் போன நம் வீட்டு ஆளின் கூலி இல்லை. நகைக்கடன் வட்டியும் இல்லை. ஏக்கருக்குப் பத்தாயிரம் குத்தகை கொடுப்பவருக்கு மிச்சம் 6,900தான். மழையில் நனைந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் களத்திலேயே கரைந்துவிடும்.

செலவைப் போல ஒன்றரை மடங்கு விலை கொடுத்துவிட்டதாக மத்திய அரசு சொல்கிறது. பொது ரகத்துக்குச் செலவு 1,579 என்று எடுத்து, ஒன்றரை மடங்காக 2,369 அறிவித்தார்கள். அந்த 1,579 நாடு முழுவதுக்குமான சராசரி. அதில் குடும்ப உழைப்பும் சேர்த்தி, ஆனால் சொந்த நிலத்துக்கான வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் கிடையாது. நம் நோட்டில் கைக்காசு மட்டுமே குவிண்டாலுக்கு 1,700 வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை, வாடகை வட்டி எல்லாம் சேர்த்த முழுச் செலவின் மேல் ஒன்றரை மடங்காகக் கொடுங்கள் என்றுதான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அது வரும்வரை சும்மா இருக்க முடியாது. செலவு ஏறிய அதே 79 சதவீதம் விலையும் ஏறியிருந்தால், 1,660 இன்றைக்கு 2,970 ஆகியிருக்கும். ஆகவே அடுத்த பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என்பது நம் முதல் தீர்மானம். பொட்டாஷுக்கு மானியத்தைக் கூட்ட வேண்டும் என்பது இரண்டாவது.

ஒரே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனால் "இது ஒருத்தர் கணக்கு" என்று தள்ளிவிடுவார்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு ஏக்கர் கணக்கை ரசீதோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ரசீது இல்லாத செலவைத் தனியாக எழுதுங்கள், கூட்டிப் போடாதீர்கள். எழுத நேரமில்லாதவர்கள் வந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு வேன் இங்கிருந்து கிளம்பும்.